‘மக்கும் பை’ எங்கே மக்கும்? எத்தனை நாளில் மக்கும்?

கடன் பத்திரத்தில் வட்டி பெரிய எழுத்தில் இருக்கும், நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும். வங்கியில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்த வேலை, அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பதுதான். ஓய்வுக்குப் பிறகு விவசாயத்துக்கு வந்தேன். இங்கேயும் அதே வேலை தேவைப்படுகிறது. ‘மக்கும்’, ‘ஈகோ ஃபிரண்ட்லி’, ‘பயோ’, ‘கிரீன்’ என்றெல்லாம் அச்சடித்த பைகளும் கப்புகளும் இப்போது நம் எருக்குழி வரைக்கும் வந்துவிட்டன. குழிக்குள் போனது நாளை வயலுக்குள் போகும். அதனால் இந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதை உழவர்கள் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து ஊர் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "சார், சாப்பாட்டுக் கழிவு, வாழை இலை எல்லாத்தையும் டிராக்டர்ல உங்க தோட்டத்துக்கே அனுப்பிடறோம். பை எல்லாம் மக்கும் பைதான், பிரிக்க வேண்டாம், அப்படியே குழியில போட்டுடலாம்" என்றார்கள். வாரம் ஒரு லோடு இலவச எரு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனாலும் பைகளை முதலில் காட்டச் சொன்னேன். இரண்டு வகை இருந்தது.

முதல் பை: சொல் இருக்கிறது, எண் இல்லை

முதல் பையில் பச்சை இலைப் படம், சோளக்கதிர் படம், ‘100% பயோடிகிரேடபிள்’ என்ற எழுத்து. அவ்வளவுதான். தயாரித்தவர் பெயர் இல்லை, சான்று எண் இல்லை, எந்தத் தரத்துக்கு உட்பட்டது என்ற விவரமும் இல்லை.

நம் நாட்டுச் சட்டப்படி மக்கும் பிளாஸ்டிக் பை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். பை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். ‘கம்போஸ்டபிள்’ என்ற சொல் பையில் இருக்க வேண்டும், தயாரிப்பாளர் பெயர், சான்று எண் ஆகிய விவரங்களும் தரப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத பையை நான் கையெழுத்தில்லாத காசோலையாகத்தான் பார்ப்பேன்.

‘பயோடிகிரேடபிள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்று அது சொல்வதே இல்லை. சாதாரண பாலித்தீனில் சில உலோக உப்புகளைக் கலந்து, வெயில் பட்டால் நொறுங்கும்படி செய்த பைகளும் இந்தப் பெயரில் விற்கப்பட்டதுண்டு. நொறுங்குவது வேறு, மக்குவது வேறுங்க. மக்கினால் நுண்ணுயிர் அதைத் தின்று, கரியமில வாயுவும் தண்ணீரும் மட்கும்தான் மிஞ்சும். நொறுங்கினால் ஒரு பை ஆயிரம் பிளாஸ்டிக் துணுக்கு ஆகும். முழுப் பையாக இருந்தால் கையால் பொறுக்கிவிடலாம். துணுக்கை யார் பொறுக்குவது?

முதல் பையை அங்கேயே தள்ளிவிட்டேன்.

இரண்டாவது பை: சொல் உண்மை, நிபந்தனை வேறு

இரண்டாவது பையில் தரம், தயாரிப்பாளர் பெயர், சான்று எண் எல்லாம் இருந்தது. இது நேர்மையான பை. ஆனால் அந்தத் தரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆய்வகச் சோதனையில் சுமார் 58 டிகிரி வெப்பத்தில் வைத்து, 180 நாளுக்குள் பையிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்தில் துண்டு துண்டாகிவிட வேண்டும். அதாவது 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் உலர் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கன உலோகத்துக்கு வரம்பு உண்டு. அந்த எருவில் விதை முளைக்கிறதா என்ற சோதனையும் உண்டு. நல்ல தரம்தான், குறை சொல்ல முடியாது.

சின்ன எழுத்து அந்த 58 டிகிரியில் இருக்கிறது. பெரிய நகராட்சி உரக்கூடங்களில் மலைபோல் குவித்து, காற்றுக் கொடுத்து, அந்தச் சூட்டை வாரக்கணக்கில் தாங்க வைக்கிறார்கள். நம் எருக்குழியில் அது நடப்பதில்லை. சாணமும் குப்பையும் அவ்வப்போது கொட்டும் குழி அவ்வளவு சூடு ஏறவே ஏறாது. முறையாக அடுக்கிய குவியல் 60 டிகிரி வரை போகும், ஆனால் சில நாளில் இறங்கிவிடும். மண்புழுப் படுக்கையைச் சொல்லவே வேண்டாம். 35 டிகிரி தாண்டினாலே புழு தாங்காது, அதனால் நாமே குளிரவைத்துக் காப்பாற்றுகிறோம்.

சூடு ஏன் அவ்வளவு முக்கியம்? இந்தப் பைகளிலும் கப்புகளிலும் பிஎல்ஏ என்ற பொருள் இருக்கும். மாவுச்சத்திலிருந்து எடுத்த சர்க்கரையைப் புளிக்க வைத்துச் செய்வது. இது 60 டிகிரியை ஒட்டித்தான் இளகும். இளகினால்தான் ஈரம் உள்ளே புகுந்து அதன் நீண்ட சங்கிலியை வேகமாக அறுக்கும். அறுந்த துண்டைத்தான் நுண்ணுயிர் தின்னும். சூடு குறைந்தால் அது கண்ணாடி போல இறுகியே கிடக்கும். பை வளைந்துகொடுப்பதற்காகப் பிபிஏடி என்ற இன்னொரு பொருளையும் கலப்பார்கள். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஆனாலும் சரியான சூட்டில் மக்கும். ஆக, சோளப் படத்தைப் பார்த்து ‘மக்கும்’ என்று முடிவு கட்ட முடியாது. எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, எங்கே போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி. விளம்பரம் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதையும் சொன்ன மாதிரி நடந்துகொள்கிறது.

நம் குழியிலேயே சோதிப்பது எப்படி?

சான்றிதழ் ஆய்வகத்துக்குப் பேசுகிறது. நம் குழிக்கு நாம்தான் சோதனை செய்ய வேண்டும். செலவு பெரிதாக ஒன்றுமில்லை.

பையை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, 20 கிராம் எடை போட்டு, வெங்காயம் வரும் வலைப்பையில் கட்டுங்கள். இன்னொரு வலைப்பையில் பாக்குமட்டைத் தட்டை அதே அளவு வெட்டி, அதே 20 கிராம் போடுங்கள். இது ஒப்பீட்டுக்கு. பாக்குமட்டையே மக்கவில்லை என்றால் குற்றம் பையின் மேல் இல்லை, குவியலில் ஈரமோ தழைச்சத்தோ குறைவு என்று அர்த்தம். இரண்டையும் குவியலின் நடுவில் ஒரு முழ ஆழத்தில் புதைத்து, கயிற்றின் நுனியை வெளியே விட்டு, தேதி எழுதி வையுங்கள். நீளக் கம்பி வெப்பமானி இருந்தால் வாரம் இரண்டு முறை சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். குவியலைப் புரட்டும்போது இவற்றையும் எடுத்துத் திரும்ப நடுவில் வையுங்கள்.

12 வாரம் கழித்து எடுத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி, நிற்பதை நிழலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். 20 கிராமில் 2 கிராமுக்கு மேல் நின்றால் அந்தப் பை உங்கள் குழிக்கு ஆகாது.

அந்த இரண்டாவது பையை என் தோட்டத்தில் குவியலிலும் மண்புழுப் படுக்கையிலும் வைத்துப் பார்த்தேன். பாக்குமட்டை குவியலில் தொட்டால் உதிர்ந்தது, படுக்கையில் நார் மட்டும் கொஞ்சம் நின்றது. பை, குவியலில் கிழிந்து துண்டாகியிருந்தாலும் சல்லடையில் 2 கிராமைவிட நிறையவே நின்றது. மண்புழுப் படுக்கையிலோ அச்சடித்த எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது! தயாரித்தவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன இடம் என் குழி இல்லை, அவ்வளவுதான்.

மண்டபத்துக்கு நான் சொன்ன பதில் இது: இலையும் சோறும் வரட்டும், பையை அங்கேயே அவிழ்த்துக் கொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக் கப்பும் வேண்டாம். அதை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள், காகிதம் கரைந்து உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தோல் தனியாக வரும்.

துணிப்பைக்கும் ஸ்டீல் ஸ்ட்ராவுக்கும் வேறு கணக்கு

மக்கும் பொருளுக்கு ‘எங்கே, எத்தனை நாளில்’ என்று கேட்கிறோம். திரும்பத் திரும்பப் பயன்படும் பொருளுக்குக் கேள்வி ‘எத்தனை முறை’ என்பது. முதல் போட்டு எத்தனை தவணையில் மீட்கிறோம் என்ற கணக்கு மாதிரி.

பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பத்தைப் பொறுத்தவரை, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய கேரி பேக்கோடு அது சமன் ஆகும். வாரம் இரண்டு முறை கடைக்குப் போனால் 66 வாரம், ஒன்றேகால் வருஷம். நல்ல மஞ்சப்பை தாராளமாகத் தாங்கும். ஆனால் கல்யாண வீடுகளில் வாங்கி ஆணியில் பத்துப் பை தொங்குகிறது என்றால் 1,310 முறை ஆகிறது. அதே வாரம் இரண்டு என்றால் பன்னிரண்டரை வருஷம். பை நல்லதுதான், பத்துப் பை நல்லதில்லை.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. 131 என்பது புவி வெப்பத்துக்கு மட்டும். மாடு தின்ற பையும் வாய்க்கால் அடைத்த பையும் அதில் வராது. அதைச் சேர்த்தால் துணிப்பையின் பக்கம் தட்டு தாழும். இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பையில் ஏமாறாதீர்கள். அது பாலிப்ரொப்பிலீன், அசல் பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பொருள்களில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவோடு இதுவும் உண்டு. ஓரத்தில் ஒரு நார் பிய்த்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். இது உருகி மணி மாதிரி உருளும்.

ஸ்டீல் ஸ்ட்ராவுக்கும் இதே கணக்குதான். பிளாஸ்டிக் ஸ்ட்ரா அரை கிராம்கூட இருக்காது. ஸ்டீல் ஸ்ட்ரா அதைப்போல இருபது மடங்குக்கு மேல் எடை, அதுவும் உருக்காலையில் வெந்து வந்தது. இளநீர்க் கடையில் தினமும் பிரஷ் போட்டுக் கழுவி வருஷக்கணக்கில் புழங்கினால் முதல் மீளும். நாலு ஸ்ட்ரா அடங்கிய ‘ஈகோ கிஃப்ட் செட்’ அலமாரியில் தூங்கினால் மீளவே மீளாது. முடிந்தவர்கள் அண்ணாந்து குடித்தால் கணக்கே வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ‘கிரீன்’, ‘ஈகோ ஃபிரண்ட்லி’ போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது. ‘மக்கும்’ என்று சொன்னால் நம்பகமான சான்று வேண்டும். ஆதாரம் காட்டாத பொருளைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இந்த நெறி வாங்கும் நமக்கு மட்டுமல்ல, விற்கும் நமக்கும் பொருந்தும். நம் குழு அரிசியை மக்கும் பையில் போட்டு விற்பவர்கள் ‘இயற்கைக்கு உகந்த பை’ என்று அச்சடிக்காதீர்கள். ‘சான்று பெற்ற பை, உரக்கூடத்தில் மக்கும், வீட்டுத் தொட்டியிலும் எருக்குழியிலும் போட வேண்டாம்’ என்று எழுதுங்கள். இரண்டு வரி கூடுதல்தான். வாங்குகிறவர் அதைப் படித்துப் பையை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்வார்.