போடி ரயிலும் ஞாயிற்றுக்கிழமைப் பயணமும்

கேள்வி: சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு என் மகள் ஆங்கிலத்தில் இப்படி எழுதினாள்: 'ஐ லீவ் ஃபார் சென்னை ஆன் சண்டே. தி டிரெயின் இஸ் லீவிங் போடி அட் எய்ட் தர்ட்டி.' டியூஷன் ஆசிரியர் இரண்டு வினைச்சொற்களையும் மாற்றச் சொல்லிவிட்டார். இரண்டுமே வருகிற ஞாயிறைப் பற்றியவைதானே, ஏன் மாற்ற வேண்டும்?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: ஆசிரியர் சொன்னதே சரி. 'ஐ ஆம் லீவிங் ஃபார் சென்னை ஆன் சண்டே. தி டிரெயின் லீவ்ஸ் போடி அட் எய்ட் தர்ட்டி' என்று எழுதியிருக்க வேண்டும். நாள் ஒன்றுதான், ஆனால் இரண்டையும் முடிவு செய்தவர்கள் வேறு வேறு.

போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு 2023 ஜூன் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ரயில் ஓடுகிறது. அதன் நேரத்தை ரயில்வே குறித்து வைத்திருக்கிறது. உங்கள் மகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி அந்த நேரத்துக்குத்தான் புறப்படும். இப்படி அட்டவணையில் இருப்பதற்குச் சிம்பிள் பிரசென்ட்.

பயணமோ மகளே செய்துகொண்ட ஏற்பாடு. டிக்கெட் எடுத்தாயிற்று, அண்ணனுக்கும் சொல்லியாயிற்று. ஆள் முடிவு செய்து ஏற்பாடும் நடந்துவிட்டால் பிரசென்ட் கன்டினியுவஸ்.

அதற்காக மனிதர்களுக்குச் சிம்பிள் பிரசென்ட் வரவே வராது என்று நினைக்க வேண்டாம். கல்லூரிச் சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரலை வாசிப்பவர், 'வீ லீவ் தேனி அட் சிக்ஸ்' என்று சொன்னால் அது பொருத்தமே. அங்கே 'வீ' என்று இருந்தாலும் பேசுவது அட்டவணைதான். அதேபோல, ஒருநாள் மட்டும் வண்டி தாமதமாகப் புறப்படும் என்று அறிவித்தால், 'டுடே இட் இஸ் லீவிங் அட் நைன்' என்பதும் சரி. அது அன்றைக்கு மட்டும் செய்த மாற்று ஏற்பாடு.

கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலுக்கு வருவோம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்து, திங்கட்கிழமை நடவுக்கு ஆள் பேசி, நாற்றும் தயாராக இருந்தால், 'வீ ஆர் டிரான்ஸ்பிளான்டிங் ஆன் மண்டே' என்று விவசாயி சொல்லலாம். நட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருக்கிறது, இன்னும் ஆள் பேசவில்லை என்றால், 'வீ ஆர் கோயிங் டு டிரான்ஸ்பிளான்ட்' என்பதே பொருந்தும்.

'இட் இஸ் ரெயினிங் டுமாரோ' என்று பிள்ளைகள் அடிக்கடி எழுதுகிறார்கள். இது தவறு. மழையை யாரும் ஏற்பாடு செய்வதில்லை, அதற்கு அட்டவணையும் கிடையாது. மேகமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தால், 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்று எழுத வேண்டும்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். பேச்சின் போக்கிலேயே எந்த நாள் என்று தெரியாதபோது 'ஆன் சண்டே' போன்ற காலச் சொல்லை விட்டுவிடக் கூடாது. வெறுமனே 'ஐ ஆம் லீவிங்' என்று செய்தி அனுப்பினால், அவள் இப்போதே வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்றுதான் அண்ணன் எடுத்துக்கொள்வார்.