வெல்டிங் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம்: அண்டியாபீஸில் தீப்பணி அனுமதி

கருங்கல் பக்கம் முந்திரி ஆலையை யாரும் முந்திரி ஆலை என்று சொல்வதில்லை. அண்டியாபீஸ்தான். அங்கே பாய்லருக்கு எரிபொருளாவது பெரும்பாலும் அண்டித்தோடு. தோட்டில் எண்ணெய் இருப்பதால் நன்றாகப் பிடித்து எரியும். இப்படிப்பட்ட இடத்தில் வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங் செய்யும் முன் எழுதி வாங்க வேண்டியதுதான் 'ஹாட் ஒர்க் பெர்மிட்', அதாவது தீப்பணி அனுமதிச் சீட்டு. அரசு அலுவலகத்துக்குப் போய் வாங்கும் சான்றிதழ் இல்லை இது. ஆலை நிர்வாகமே, அந்த ஒரு வேலைக்கு மட்டும், அந்த இடத்திலேயே தருவது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பாய்லருக்குத் தோடு கொட்டும் தகரத் தொட்டி கிழிந்துவிட்டது. வெல்டரைக் கூப்பிட்டாச்சு. பதினைந்து அடி தள்ளி தோட்டு மூட்டைகள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய பேக்கிங் அறை.

முதல் கேள்வி: தொட்டியைக் கழற்றி வெளியே வெட்டவெளிக்குக் கொண்டுபோய் ஒட்ட முடியுமா? முடியும் என்றால் பாதி ஆபத்து அங்கேயே போச்சு. முடியாவிட்டால்தான் அடுத்த படி.

இரண்டாவது, இடத்தைக் காலி செய்வது. வெல்டிங் பொறி பக்கத்திலேயே விழும் என்று நினைக்காதீங்க. உருண்டும் தெறித்தும் தூரம் போகும். அதனால் சுற்றிலும் 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர், எரியும் பொருள் இருக்கக் கூடாது என்பது உலக அளவில் பின்பற்றும் கணக்கு. மூட்டைகளை நகர்த்தணும், தூசியையும் தோட்டுத்தூளையும் பெருக்கணும். நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடணும். தார்ப்பாய் உதவாது, அதுவே எரியும். சுவரில் ஓட்டை இருந்தால் அடைக்கணும். தகரச் சுவரில் சூடு மறுபக்கம் கடத்தப்படும் என்பதால், பேக்கிங் அறையில் சுவரை ஒட்டிய அட்டைகளையும் எடுத்தாகணும்.

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று நடந்தது இதுதான். மேலே சாலையில் வெல்டிங் நடந்தது. உருகிய உலோகம் இணைப்பு இடுக்கு வழியாகக் கீழே விழுந்து, கூரைக்குள் இருந்த தெர்மாகோல் போன்ற காப்புப் பொருளில் பிடித்தது. 17 பேர் இறந்தார்கள். வேலை நடந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

மூன்றாவது, கையெழுத்து. சீட்டில் என்ன வேலை, எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் செய்கிறார், யார் காவல் என்று எழுதணும். கையெழுத்துப் போடுபவர் இடத்தை நேரில் பார்த்த பிறகே போடணும். மேஜையில் உட்கார்ந்து போட்ட கையெழுத்து வெறும் காகிதம். ஷிப்ட் முடிந்தால் சீட்டும் முடிந்தது.

நான்காவது, தீக்காவலர். வெல்டரே காவல் பார்த்துக்கொள்வார் என்பது நடக்காது. முகமூடிக்குள் அவர் பார்ப்பது ஒட்டுமிடம் மட்டும்தான். அதனால் தனி ஆள் வேண்டும். கையில் தீயணைப்பான், வேறு எந்த வேலையும் இல்லை, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உண்டு. நம் உதாரணத்தில் சுவரின் மறுபக்கமும் ஒருவர் நிற்கணும்.

சாப்பாட்டு இடைவேளையில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்தில், பழுதுபார்க்க வந்த 'சாகர் பூஷண்' கப்பலில் நடந்த வெடிப்பில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். கேஸ் கட்டிங்குக்கான அசிட்டிலீன் கசிந்து தேங்கியதே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் சொல்லப்பட்டது. அதனால் திரும்ப வேலை தொடங்கும் முன் இடத்தை மறுபடி பார்க்கணும்.

வேலை முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிடும் நேரம்தான் ஆபத்தான நேரம். தோட்டுக் குவியலுக்குள் விழுந்த பொறி சுடர் இல்லாமல் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும். முன்பு அரை மணி நேரக் காவல் போதும் என்றிருந்தார்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பின் விதி 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக உயர்த்தியது. அந்த நேரத்தில் காவலர் புகை, கருகல் வாசனை இருக்கா என்று பார்க்கணும். சுவர் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்றும் பார்க்கணும். பிறகே சீட்டை மூடலாம்.

இன்னொன்று: எண்ணெய் இருந்த டிரம் 'காலி'யாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். அதை அகற்றாமல் வெட்டவோ ஒட்டவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவே சொன்னது.

சீட்டும் காவலும் இல்லாமல் உங்கள் ஆலையில் வெல்டிங் நடந்தால், முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்க. கேட்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் புகார் செய்யலாம். முதல்வரின் உதவி மையம் 1100-லும் பதிவு செய்யலாம். தீ பிடித்துவிட்டால் யாரையும் கேட்காமல் உடனே 101 அல்லது 112.