பாட்டி கதையிலிருந்து வாசிப்புப் பிரதி

காகம் அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்க்க, காவிரி பிறந்த கதையைத் தஞ்சைப் பகுதிக் குழந்தைகள் பலர் உறங்கும் முன் கேட்டிருப்பார்கள். தெரிந்த கதை என்பதால், சரளமாக வாசிக்கத் தயங்கும் மாணவர்களுக்கும் இது ஏற்றது. என் ஐந்தாம் வகுப்பில் இக்கதையைக் கதைசொல்லி, பாத்திரங்கள் என்று பிரித்து, குழுவாக உரக்க வாசிக்கும் பிரதியாக மாற்றும் முறையை இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஒரு மாணவரைக் கதை சொல்லச் செய்து, சொன்னபடியே கரும்பலகையில் எழுதுகிறேன்:

"குடகு மலையில அகத்தியர் கமண்டலத்தக் கீழ வச்சுட்டுக் கண்ண மூடினாராம். ஒரு காக்கா வந்து அதுமேல உக்காந்துச்சாம். கமண்டலம் சாஞ்சு தண்ணி ஓடிச்சாம். யாரு கவுத்ததுன்னு கோவமாக் கேட்டாராம். அங்க ஒரு பையன் நின்னானாம். தான்தான் கவுத்ததாவும், கீழ சோழ நாடு தண்ணியில்லாம வாடுறதாவும் சொன்னானாம்."

யாருடைய வரி?

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வி: இது காதில் கேட்பதா, கண்ணில் தெரிவதா? கேட்பது பாத்திரத்துக்கு, தெரிவது கதைசொல்லிக்கு. பாத்திர வரிகளைச் சிவப்பிலும் கதைசொல்லி வரிகளை நீலத்திலும் அடிக்கோடிடுகிறோம்.

கடைசி வாக்கியத்தில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள். அது பையனின் பேச்சு. ஆனால் அயற்கூற்றில் இருக்கிறது. நேர்க்கூற்றாக்க மூன்று மாற்றங்கள் வேண்டும். 'தான்' என்பது 'நான்' ஆகும். 'கவிழ்த்ததாகவும்', 'வாடுவதாகவும்' என்பவை 'கவிழ்த்தேன்', 'வாடுகிறது' என்ற வினைமுற்றுகளாகும். 'சொன்னானாம்' நீங்கும், பெயர் இடப்பக்கம் வந்துவிடுவதால் அதற்கு வேலை இல்லை. இலக்கணப் பாடத்தில் படித்த நேர்க்கூற்று, அயற்கூற்று இங்கே பயன்பாட்டுக்கு வருகிறது.

பிரதி

கதைசொல்லி 1: குடகு மலை. அகத்தியர் கமண்டலத்தைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார்.

கதைசொல்லி 2: ஒரு காகம் பறந்து வந்தது. கமண்டலத்தின் மேல் உட்கார்ந்தது.

காகம்: கா! கா!

அனைவரும்: உம்... அப்புறம்?

கதைசொல்லி 1: கமண்டலம் சாய்ந்தது. தண்ணீர் ஓடியது.

அகத்தியர்: (கோபமாக) யார் கவிழ்த்தது?

கதைசொல்லி 2: காகத்தைக் காணோம். அங்கே ஒரு சிறுவன் நின்றான்.

சிறுவன்: நான்தான் கவிழ்த்தேன், சாமி. கீழே சோழ நாடு தண்ணீரில்லாமல் வாடுகிறது.

அனைவரும்: உம்... அப்புறம்?

காவிரி: இதோ, நான் வருகிறேன்!

ஊர்கள் (ஒவ்வொருவராக): மேட்டூர்! முக்கொம்பு! கல்லணை! திருவையாறு! கும்பகோணம்! மயிலாடுதுறை! பூம்புகார்!

கதை கேட்பவர் 'உம்' கொட்டுவது நம் வழக்கம். அதையே அனைவருக்குமான வரியாக்கினால், தம் முறை வராதபோதும் மாணவர்கள் பிரதியைக் கவனிப்பார்கள். ஊர்ப் பெயர்கள் நாங்கள் சேர்த்தவை. எழுத்துக்கூட்டி வாசிக்கும் மாணவருக்கு ஒரே ஒரு சொல். அதுவும் பேருந்துப் பலகையில் பார்த்த சொல். அவருக்கும் பிரதியில் ஓர் இடம் உறுதியாகிறது.

வாய்மொழியில் 'உக்காந்துச்சாம்' என்று கேட்பது எளிது. எழுத்தில் அந்த வடிவம் பழக்கமில்லாததால் வாசிப்பு தடைபடும். எனவே கதைசொல்லியின் வரிகளை எழுத்து வழக்கில் வைக்கிறேன். பாத்திரங்களுக்கு 'சாமி', 'இதோ' போன்ற, பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கும் சொற்களைத் தேர்கிறேன். கதைசொல்லிக்கு ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய சிறு வாக்கியங்களே போதும்.

சரிபார்த்தல்

ஒரு மாணவர் "காகம், கா கா" என்று பெயரையும் சேர்த்து வாசித்தால், குறியீடு தெளிவாக இல்லை என்று பொருள். பெயர்களைத் தனிக் கட்டத்தில் எழுதி, அவரவர் படியில் அவரவர் வரியை மட்டும் வண்ணமிடச் சொல்லலாம். "கோபமாக" என்பதை வாசித்துவிட்டால், அடைப்புக்குறிக்குள் இருப்பது குரலுக்கான குறிப்பு, வாசிப்பதற்கு அன்று என்று ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

பிறகு கதைசொல்லியின் வரிகளைத் தாளால் மறைத்துப் பாத்திர வரிகளை மட்டும் வாசியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது புரியாவிட்டால், பாத்திரத்துக்குரிய பேச்சு எங்கோ கதைசொல்லியிடம் தங்கிவிட்டது. அந்த வரியைத் தேடி உரியவரிடம் கொடுங்கள்.

பேச்சே குறைவாக உள்ள கதைகளுக்கு இம்முறை பொருந்தாது. கதைசொல்லி மட்டுமே வாசித்துக்கொண்டிருப்பார். கேள்வியும் பதிலும் உள்ள கதையாகத் தேர்ந்தெடுங்கள். அடுத்த கதையை வீட்டில் கேட்டு வருமாறு மாணவர்களிடமே சொல்லலாம். பிரித்து எழுதும் வேலையை அவர்களே குழுவாகச் செய்வார்கள்.