அனுப்புமுன் ஒரு படம்

புணேயின் வாகட் பகுதியில் வாடகை வீட்டைக் காலி செய்த ஒருவர், சென்னையில் வசிக்கும் வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் இவ்வாறு எழுதுகிறார் எனக் கொள்வோம்: "சாவி கொடுத்து இருபது நாளாயிற்று. ஏற்கெனவே சொல்லிவிட்டேன். முன்பணம் எப்போது வரும்?"

எழுதும்போது நம் கண் பிழைகளையே தேடுகிறது. நாம் கருதிய கனிவும் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அனுப்பாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறப்போம். படத்தைத் திருத்த இயலாது; படிக்கத்தான் இயலும். உரிமையாளரின் இடத்திலிருந்து படித்தால், "ஏற்கெனவே" என்னும் சொல் அவரை மறதிக்காரர் என்று சாடுவது புலப்படும். பெயிண்ட் செலவைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பவரை அது மேலும் உறுத்தும்.

இனி இவ்வாறு மாற்றலாம்: "ஐயா, 5ஆம் தேதி சாவியை ஒப்படைத்தேன். பெயிண்ட் செலவுக்குக் கழிக்க வேண்டிய தொகையைத் தெரிவியுங்கள். மீதியை எந்த நாளில் எதிர்பார்க்கலாம்?" கேட்கும் பணம் அதேதான், நாளும் கேட்டாயிற்று.

பணத்தைப் பெறுவதற்கான வங்கிக் கணக்கு எண்ணும் வரைவில் இருந்தால், படித்து முடித்ததும் படத்தை நீக்கிவிட வேண்டும். கைப்பேசிப் படங்கள் நாம் அறியாமலே இணையச் சேமிப்பகத்துக்கும் சென்றிருக்கக்கூடும். அங்கும் பார்ப்பது நன்று.