வாராவாரம் வாங்கி விற்றால்?

கேள்வி: புரோக்கரேஜே இல்லை. பிறகு ஏன் லாபம் கரைகிறது?

பதில்: புரோக்கரேஜ் சின்னச் செலவுதான். ஒரு சிறிய நிறுவனப் பங்கை விற்பவர் ₹100 கேட்கிறார், வாங்குபவர் ₹99.60 தருகிறார் என்று வைப்போம். 1,000 பங்கு வாங்கி உடனே விற்றால் ₹400 போச்சு. பங்குப் பரிவர்த்தனை வரி இருபுறமும் 0.1% வீதம் ₹200. முத்திரைக் கட்டணம், டீமேட் கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் ₹640.

ஆண்டுக்கு 12% வளரும் பங்கு இதை ஈடுகட்ட 20 நாள் ஆகும். 7% தரும் வைப்புநிதியை மிஞ்ச ஒன்றரை மாதம். நீங்களோ ஏழாம் நாளே விற்கிறீர்கள்! வாரம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு சுமார் ₹33,000 செலவு. பெரிய நிறுவனப் பங்குகளில் விலை இடைவெளி மிகக் குறைவு. அங்கே வரிதான் பெரிய செலவு. வாங்கும் முன் திரையில் இரு விலைகளையும் பாருங்கள். மார்க்கெட் ஆர்டருக்குப் பதில் லிமிட் ஆர்டர் போடுங்கள்.