கீழ்ப் பல்செட் ஆடாமல் நிற்க இரண்டு இம்பிளான்ட் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. மேல் பல்செட் நன்றாக நிற்கிறது. கீழ் செட் பேசும்போதே எழும்புகிறது. சாமைச் சோறு சாப்பிட்டால் அடியில் பருக்கை புகுந்து ஈறு புண்ணாகிறது. இரண்டு இம்பிளான்ட் போதுமா?
- வாசகி, செம்மேடு, கொல்லிமலை

பதில்: பெரும்பாலோருக்குப் போதும். மேல் செட் அண்ணம் முழுவதையும் கவ்வி நிற்கிறது. கீழ் செட்டுக்கு லாடம் போன்ற குறுகிய ஈறு மட்டுமே பிடி. நடுவில் நாக்கு வேறு தள்ளுகிறது. பல் போன எலும்பும் வருடாவருடம் தேய்கிறது. அம்மா செட்டைச் சரியாக மாட்டவில்லை என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

கோரைப்பற்கள் இருந்த இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக டைட்டானியத் திருகு பதிப்பார்கள். பின்னால் எலும்பு கரைந்தவர்களுக்கும் முன்தாடையில் பெரும்பாலும் போதிய எலும்பு மிஞ்சியிருக்கும். பொதுவாக மூன்று மாதத்தில் எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளும். பிறகு செட்டின் அடியில் பொருத்திய நைலான் வளையம், சட்டையின் பிரஸ் பட்டன்போல் திருகின் தலையில் ‘டக்’ என்று மாட்டும். இப்போதைய செட் நன்றாக இருந்தால் அதையே மாற்றியமைக்கலாம். 2002-இல் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக இரண்டு இம்பிளான்ட்டில் மாட்டும் செட்டையே பரிந்துரைத்தார்கள்.

ஆனாலும் செட்டின் பின்பகுதி ஈறின்மேல்தான் அமரும். இரவில் கழற்றி, திருகுகளைச் சுற்றித் துலக்க வேண்டும். பிடி தளர்ந்தால் வளையம் தேய்ந்திருக்கும். மாற்றுவது சில நிமிட வேலை. திருகே ஆடினாலோ, சுற்றிலும் சீழ் வந்தாலோ தாமதிக்காதீர்கள்.

கட்டுப்படாத சர்க்கரை, புகையிலைப் பழக்கம், எலும்புத் தேய்வு மாத்திரை இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். திருச்செங்கோடு, சேலம் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவை விசாரியுங்கள். பிறகு வளையம் மாற்ற மலையிறங்க வேண்டியதையும் கணக்கில் வையுங்கள்.