இரண்டு எல்லைகளுக்கு நடுவே

மருத்துவமனைகளில் தடுப்பு மருந்துகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் வைத்துக் காக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் மருந்தின் வீரியம் குறையும். உறைந்துபோனாலும் முத்தடுப்பு ஊசி மருந்து போன்றவை கெட்டுவிடும். ஆகவே கீழெல்லை, மேலெல்லை இரண்டுமே முக்கியம்.

இந்தப் பெட்டியைக் கண்காணிக்க ஒரு சிறு கணிப்பொறியை அமைப்பதாக வைத்துக் கொள்வோம். வெப்பநிலை t எனில், "t என்பது 2-க்குக் குறையாமலும் 8-ஐ மிஞ்சாமலும் இருக்கிறதா?" என்று அது அடிக்கடி பார்க்க வேண்டும். இல்லையென்றால் மணி அடிக்க வேண்டும். கணக்கு வகுப்பில் இதை 2 ≤ t ≤ 8 என்று எழுதுவோம். பைத்தான் மொழியில் இதையே ஏறக்குறைய அப்படியே எழுதலாம்:

```
if 2 <= t <= 8:
    print("OK")
else:
    print("ALARM")
```

இது சரியாக வேலை செய்கிறது. இனி, இதே நிபந்தனையைச் சி மொழியில் எழுதிப் பார்ப்போம்.

```
if (2 <= t <= 8)
    puts("OK");
else
    puts("ALARM");
```

இந்த நிரலையும் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். இலக்கணப் பிழை என்று தடுக்காது. t-க்கு 5 என்ற மதிப்பைக் கொடுத்தால் OK என்று விடை வரும். சரிதானே? இப்போது 20 என்று கொடுத்துப் பாருங்கள். அப்போதும் OK! உறைநிலைக்குக் கீழான -4 கொடுத்தாலும் OK! மருந்து முழுவதும் பாழாகும் வரை மணி அடிக்கவே அடிக்காது.

ஏன் இப்படி? விடை காண, சி மொழி இந்த வரியைப் படிக்கும் முறையை அறிய வேண்டும்.

10 - 4 - 3 என்ற கணக்கை நீங்கள் எப்படிச் செய்வீர்கள்? இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, 10-லிருந்து 4-ஐக் கழித்து 6 என்பீர்கள். பிறகு அந்த 6-லிருந்து 3-ஐக் கழிப்பீர்கள். சி மொழி ஒப்பீட்டுக் குறிகளையும் இதே போல இடமிருந்து வலமாக, இரண்டிரண்டாகவே எடுத்துக் கொள்கிறது. எனவே நாம் எழுதியது அதற்கு இவ்வாறு தோன்றுகிறது:

```
(2 <= t) <= 8
```

கழித்தலில் முதற்படியின் விடை ஓர் எண். ஒப்பீட்டில் முதற்படியின் விடை என்ன? சி மொழியில் அதுவும் ஓர் எண்தான். ஒப்பீடு மெய்யானால் 1, பொய்யானால் 0. அடுத்த படியில் 8-உடன் ஒப்பிடப்படுவது t அன்று. இந்த 1 அல்லது 0 மட்டுமே! t-இன் மதிப்பு முதற்படியோடு மறைந்து விட்டது.

மூன்று வெப்பநிலைகளுக்கும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

t = 5 எனில், 2 <= 5 மெய்; விடை 1. அடுத்து 1 <= 8 மெய்.

t = 20 எனில், 2 <= 20 மெய்; விடை 1. அடுத்து 1 <= 8 மெய்.

t = -4 எனில், 2 <= -4 பொய்; விடை 0. அடுத்து 0 <= 8 மெய்.

0, 1 இரண்டுமே 8-ஐ விடச் சிறியவை. ஆகவே t எதுவானாலும் விடை மெய்யே. 5 கொடுத்தபோது கிடைத்த சரியான விடையும் தற்செயலாக வந்ததுதான்.

எல்லைகளை மாற்றினால் தவறும் வேறு உருவம் எடுக்கும். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தைப் பெரிய கிடங்குகளில் -25 முதல் -15 பாகை வரையுள்ள உறைபெட்டியில் வைப்பார்கள். அதற்காக -25 <= t <= -15 என்று சி மொழியில் எழுதினால், இரண்டாம் படியில் 0 அல்லது 1 என்பது -15-ஐ விடச் சிறியதா என்ற கேள்வி எழுகிறது. இரண்டுமே பெரியவை. எனவே விடை எப்போதும் பொய். மணி ஓயாமல் அடித்துக் கொண்டே இருக்கும். இந்தத் தவறை உடனே கண்டுபிடித்து விடலாம். வாய் திறக்காத முதல் தவறே ஆபத்தானது.

சி மொழியில் இதைச் சரியாக எழுதுவது எப்படி? இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்டு, "இரண்டும் மெய்யா?" என்று பொருள்படும் && குறியால் இணைக்க வேண்டும்.

```
if (2 <= t && t <= 8)
```

பைத்தானும் 2 <= t <= 8 என்ற வரியை இப்படித்தான் இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கொள்கிறது. ஆனால் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. நடுவில் t-க்குப் பதிலாக, வெப்பமானியைப் படித்துச் சொல்லும் read() போன்ற ஒரு செயல் இருப்பதாகக் கொள்வோம். பைத்தான் அதை ஒரே முறை படித்து, அதே மதிப்பை இரு எல்லைகளோடும் ஒப்பிடும். சி மொழியில் 2 <= read() && read() <= 8 என்று எழுதினால், வெப்பமானி இரண்டு முறை படிக்கப்படலாம். முதல் முறை 9 என்றும் மறுமுறை 8 என்றும் காட்டினால் இரண்டு கேள்விகளுமே தேறிவிடும். 9 என்ற மதிப்பு மேலெல்லையோடு ஒப்பிடப்படவே இல்லை! எனவே முதலில் ஒரு மாறியில் படித்து வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிடுவதே முறை.

பைத்தானிலும் ஓரிடத்தில் கவனம் வேண்டும். தெளிவாக இருக்கட்டும் என்று (2 <= t) <= 8 என அடைப்புக்குறி இட்டுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். பைத்தானில் மெய் என்பது 1-க்கும், பொய் என்பது 0-க்கும் சமமாகக் கொள்ளப்படுவதால், சி மொழியில் கண்ட அதே தவறு இங்கும் நேரும்.

இத்தகைய பிழையைக் கண்டறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சோதிக்கும்போது எல்லைக்கு உள்ளேயிருக்கும் மதிப்போடு நின்றுவிடாமல், கீழெல்லைக்குக் கீழே ஒன்று, மேலெல்லைக்கு மேலே ஒன்று எனக் கொடுத்துப் பார்ப்பது. நம் நிரலில் 20 என்ற ஒரே எண் குட்டை உடைத்துவிட்டது அல்லவா? இரண்டாவது, சி நிரலைக் கணிப்பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரையே எச்சரிக்கை செய்யச் சொல்வது. gcc என்னும் கம்பைலரை -Wall என்ற கட்டளையோடு இயக்கினால் இந்த வரியைக் கண்டதும் இவ்வாறு சொல்லும்:

```
comparisons like 'X<=Y<=Z' do not have
their mathematical meaning
```

இத்தகைய ஒப்பீட்டுக்குக் கணக்கில் உள்ள பொருள் இங்கு இல்லை என்பது இதன் கருத்து. இது எச்சரிக்கை மட்டுமே. பொருட்படுத்தாமல் விட்டாலும் நிரல் ஓடும்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. சி மொழியில் 0 < x < 1 என்று எழுதினால், x-இன் எந்த மதிப்புகளுக்கு விடை மெய்யாகும்? கீழே பார்க்குமுன் தாளில் போட்டுப் பாருங்கள்.

விடை: x சுழியாகவோ குறை எண்ணாகவோ இருந்தால் முதற்படி 0, 0 < 1 மெய். x சுழியை விடப் பெரியதானால் முதற்படி 1. 1 < 1 பொய். ஆகவே நாம் தேடும் 0.5 போன்ற எண்கள் எல்லாம் தள்ளப்படுகின்றன. வேண்டாத -3 ஏற்கப்படுகிறது!